பேனா யார் கையில்? ஏழாம் வகுப்புத் தமிழ்க் குழுப்பணியில் அண்மை வளர்ச்சி மண்டலம்

கொங்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளைகளில் நான் நடத்திய மூன்று வாரக் குழுப்பணியைப் பற்றிய பதிவு இது. வகுப்பில் 34 பேர். முதல் பருவப் பாடநூலில் பேச்சுமொழியையும் எழுத்துமொழியையும் பற்றிய உரைநடைப் பாடம் உண்டு. அதை ஒட்டி, வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் பழைய காலத்து வேலை ஒன்றைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வந்து, பிறகு வகுப்பில் குழுவாக அமர்ந்து எழுத்துத்தமிழுக்கு மாற்ற வேண்டும் என்பது பணி. பணி எளியதாகத் தோன்றும். முதன்முறை செய்தபோது அது முழுமையாகத் தோற்றது என்பதால்தான் இந்த ஆய்வே எழுந்தது.

முதன்முறை நான் செய்தது பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வதுதான். முந்தைய தேர்வின் மதிப்பெண் பட்டியலை எடுத்து, மேலிருந்து 7 பேரைத் தலைவர்களாக்கி, கீழிருப்பவர்களை அவர்களிடம் பிரித்துக் கொடுத்தேன். கற்றவர் கல்லாதவருக்குக் கற்பிப்பார் என்பது என் கணக்கு. படைப்பாற்றல் கல்வி முறை வந்த காலத்திலிருந்து குழுவாக அமர்வது, மனவரைபடம் வரைவது, தொகுப்பது, வழங்குவது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய வேலைதான். ஆகவே வட்டமாக அமர்ந்தார்கள், சத்தமும் சரியான அளவில் இருந்தது, மணி அடித்தபோது ஏழு தாள்கள் என் மேசைக்கு வந்தன. ஏழும் ஏறத்தாழப் பிழையற்றவை. மறுநாள் அதே போன்ற ஒரு பத்தியைத் தனித்தனியே எழுதச் சொன்னபோதுதான், ஏழு தாள்களையும் ஏழு பேர் மட்டுமே எழுதியிருந்தார்கள் என்பது தெரிந்தது. மற்றவர்கள் ஓரம் மடித்தார்கள், தலைப்பின் கீழ் அடிக்கோடு இட்டார்கள், வண்ணம் தீட்டினார்கள். ஒரு மாணவி தன் பங்கைப் பற்றிக் கேட்டபோது, “நான் ஸ்கேல் புடிச்சேனுங்க டீச்சர்” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. நான் கொடுத்த அமைப்பில் அவளுக்கு இருந்த வேலை அதுதான்.

மதிப்பெண் சொல்லாத செய்தி

ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்த பெயர்தான் லெவ் வைகாட்ஸ்கி. 1896இல் பிறந்து 1934இல், 37 வயதில், காசநோயால் இறந்த ரஷ்ய உளவியலாளர். அண்மை வளர்ச்சி மண்டலம் என்பதற்கு நாம் தேர்வுக்கு எழுதும் விளக்கம் சரியானதே: ஒரு குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், பெரியவரின் வழிகாட்டலில் அல்லது தன்னைவிடத் தேர்ந்த சகமாணவருடன் சேர்ந்து செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள தூரம். இந்த விளக்கத்தின் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டுதான் நாம் கெட்டிக்காரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். முதற்பகுதியை, அதாவது அது ஒரு தூரம் என்பதையும் அதை அளந்தாக வேண்டும் என்பதையும், விட்டுவிடுகிறோம்.

வைகாட்ஸ்கி தரும் எடுத்துக்காட்டு இங்கே பொருத்தமானது. மனவயது 8 என்று சோதனையில் ஒன்றுபோலத் தெரியவந்த இரண்டு குழந்தைகளுக்கு வினாக்களைக் கொடுத்துச் சற்று உதவியும் செய்தால், ஒரு குழந்தை 12 வயதினருக்கான கணக்குவரை போகிறது, மற்றது 9 வயதினருக்கானதோடு நின்றுவிடுகிறது. தனியாக எழுதிய தேர்வில் இருவரும் சமம், உதவியோடு பார்த்தால் சமமில்லை. என் மதிப்பெண் பட்டியல் தனியாக எழுதியதை மட்டுமே சொல்லும் பட்டியல். அதை வைத்துக் குழு பிரித்தபோது, யாருக்கு எவ்வளவு உதவி எட்டும் என்ற செய்தி என்னிடம் இல்லவே இல்லை.

ஆகவே இரண்டாம் முறை, குழு பிரிப்பதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தேன். எதை அளப்பது என்பது அடுத்த கேள்வி. “எழுத்துத்தமிழுக்கு மாற்றுதல்” என்பது ஒரே திறன் அன்று. கெணறு என்பதைக் கிணறு என்று எழுதுவது ஓர் அடுக்கு, அது சொல்லளவில் முடிந்துவிடும். கெணத்துல என்பதைக் கிணற்றில் என்று எழுத வேற்றுமையும் ஒற்று இரட்டிப்பதும் புரிய வேண்டும். வினைமுற்று எழுவாயோடு இயைய வேண்டும் என்பது மூன்றாவது அடுக்கு. அப்பறம், வந்து, அப்பறம் என்று ஓடும் பேச்சை எச்சங்களாலும் இணைப்புச் சொற்களாலும் கட்டுவது நான்காவது. முதலிரண்டு அடுக்குகளில் பெரும்பாலோர் ஓரளவு தேறியிருந்தார்கள். நான்காவது யாருக்கும் எட்டவில்லை. மூன்றாவதில்தான் வகுப்பு பிளந்து நின்றது. ஆகவே இயைபு ஒன்றை மட்டும், அதிலும் குறிப்பாக அஃறிணைப் பன்மையை, எடுத்துக்கொண்டேன்.

இயைபைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் “மாடு எறங்குச்சு” என்போம். “மாடுக ரெண்டும் எறங்குச்சு” என்றும் சொல்வோம். வினை மாறாது. எழுத்தில் மாடு இறங்கியது, மாடுகள் இறங்கின. பேசும்போது குழந்தை ஒருபோதும் எடுக்க வேண்டியிராத ஒரு முடிவை எழுதும்போது எடுத்தாக வேண்டியிருக்கிறது. தாய்மொழியில் இயல்பாக, அறியாமலே கையாள்பவற்றை அறிந்து, வேண்டுமென்றே கையாளக் கற்பதுதான் பள்ளியில் இலக்கணமும் எழுத்தும் செய்யும் வேலை என்பது வைகாட்ஸ்கி தன் கடைசி நூலில் வலியுறுத்திய கருத்து. அந்த வகையில், பெருக்கல் வாய்பாட்டை மனப்பாடம் செய்விப்பதற்கு இந்தக் கோட்பாட்டை இழுத்துவருவதைவிட, இந்த இடம் அதற்கு உரிய இடம் என்றே கருதுகிறேன்.

ஐந்து படி ஏணி

அளப்பதற்குப் பேச்சுத்தமிழில் 8 தொடர்கள் கொண்ட ஒரு சீட்டுத் தயாரித்தேன். நான்கில் அஃறிணைப் பன்மை வரும். மற்ற நான்கில் அஃறிணை ஒருமை, மரியாதைப் பன்மை, மனிதர் பன்மை ஆகியவை கலந்திருக்கும். கலந்திராவிட்டால் எல்லாவற்றையும் இறங்கின, ஓடின என்றே எழுதித் தப்பிவிடலாம். முதலில் மாணவர் தனியாக எழுத வேண்டும். பிறகு தவறான தொடர்களுக்கு மட்டும், ஒரே வரிசையில், படிப்படியாகக் கூடும் உதவி. அல்ஜாஃப்ரே, லாண்டால்ஃப் என்ற இருவர் 1994இல் ஆங்கிலம் கற்பவர்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கு மறைமுகக் குறிப்பில் தொடங்கி வெளிப்படை விளக்கத்தில் முடியும், 0 முதல் 12 வரையிலான ஓர் உதவி வரிசையை வகுத்திருந்தார்கள். பதின்மூன்று படிகளை 34 பேருக்கு நடத்த வகுப்பில் நேரம் ஏது? ஐந்தாகச் சுருக்கினேன். முதற்படி: எழுதியதை நீயே சத்தமாக வாசி. இரண்டாம் படி: இந்தத் தொடரில் ஓர் இடம் சரியில்லை, எது என்று பார். மூன்றாம் படி: வினைச்சொல்லைத் தொட்டுக்காட்டி, இதைச் செய்தது ஒன்றா, பலவா என்ற கேள்வி. நான்காம் படி: பறவை பறந்தது, பறவைகள் பறந்தன என்ற இணையைக் காட்டுதல். ஐந்தாம் படி: விடையையும் காரணத்தையும் சொல்லிவிடுதல்.

ஒருவருக்கு ஏறத்தாழ 5 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நூலகப் பாடவேளைகளிலும் மதிய இடைவேளைகளிலுமாக இரண்டு வாரத்தில் முடித்தேன். இவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். முதன்முறைக் குழுப்பணியில் வீணான பாடவேளைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவன்று என்பதுதான் என் பதில்.

இரண்டு பேரை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். இருவரும் 8க்கு 3. மாணவி க “மாடுகள் வாய்க்காலைத் தாண்டியது” என்று எழுதியிருந்தாள். முதற்படியில் வாசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் படியில் தொடரின் மேல் விரலை ஓட்டியவள், “தாண்டியது”வில் நிறுத்தினாள். “மாடுகள்னா… தாண்டினதுகள்? இல்லீங்க டீச்சர், தாண்டின” என்றாள். அடுத்த தொடரில் நான் வாய் திறக்கும் முன்பே தன் தவறைத் தானே அடித்துத் திருத்தினாள். மாணவன் ச எழுதியிருந்த தவறும் அதே தவறுதான். மூன்றாம் படியில் “ஒன்றா, பலவா?” என்றதற்கு “பல” என்று சரியாகச் சொன்னான், ஆனால் வினையை மாற்றத் தோன்றவில்லை, மாடு என்ற சொல்லைத்தான் மறுபடி பார்த்தான். நான்காம் படியில் பறவை இணையைப் பார்த்துவிட்டு, “பறந்தன” என்பதையே எடுத்து “மாடுகள் பறந்தன” என்று எழுதினான். இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தவறு எனக்கு நிறையச் சொன்னது. வடிவம் மாறும் என்பதை அவன் பிடித்துக்கொண்டான். எது மாறும், எது மாறாது என்பது இன்னும் பிரியவில்லை. மதிப்பெண் பட்டியலில் இந்த இருவரும் அடுத்தடுத்த வரியில் இருந்தவர்கள்.

அளந்து முடித்தபோது 7 பேர் தனியாகவே ஏழோ எட்டோ தொடர்களைச் சரியாக எழுதினார்கள். 16 பேர் இரண்டாம் அல்லது மூன்றாம் படியில் தாமே திருத்திக்கொண்டார்கள். 8 பேருக்கு நான்காம், ஐந்தாம் படிகள் தேவைப்பட்டன. 3 பேரால் தொடரைத் தடையின்றி வாசிக்கவே இயலவில்லை. அவர்களிடம் இயைபைப் பற்றிக் கேட்பதே தவறு. இந்தப் பகுப்பு பிள்ளைகளைப் பற்றியது அன்று, இந்த ஒரு இலக்கணச் செயலைப் பற்றியது என்பதை எனக்கே நினைவூட்டிக்கொள்ளப் பதிவேட்டின் மேல் “இயைபு மட்டும்” என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று கீழ் வகுப்புகளில் நிலை பிரித்துக் கற்பித்துப் பழகிய நமக்கு, நிலையின் பெயர் பிள்ளையின் பெயராக மாறிவிடும் வேகம் தெரியும்.

குழு அமைத்த விதம்

ஐந்து பேர் குழுவில் இருவருக்கு வேலை இருப்பதில்லை என்பது முதன்முறை கற்ற பாடம். ஆகவே மூன்று மூன்று பேராக 10 குழுக்கள், நால்வர் கொண்ட ஒரு குழு, ஆக 11. தனியாக எழுதத் தெரிந்தவர்கள் ஏழே பேர். ஏழு குழுக்களுக்கு ஒருவர் வீதம் போட்டேன். ஆனால் தெரிந்தவரையும் ஐந்தாம் படியில் இருப்பவரையும் மட்டும் நேருக்கு நேர் உட்கார வைக்கவில்லை. இடைவெளி பெரிதாக இருந்தால், தெரிந்தவர் பொறுமை இழந்து விடையைச் சொல்லிவிடுவார், மற்றவர் அதை எழுதிக்கொள்வார். இடையில் இரண்டு மூன்றாம் படிக்காரர் ஒருவர் இருந்தால், நேற்றுத்தான் அந்த இடத்தில் தடுக்கி எழுந்தவர் என்பதால், எங்கே தடுக்கும் என்று அவருக்குத் தெரியும். இவ்வகையில் நான்கு குழுக்களில் மூன்று நிலையினரும் ஒவ்வொருவராக இருந்தார்கள், மூன்று குழுக்களில் தெரிந்தவர் ஒருவரும் இடைநிலையினர் இருவரும்.

எஞ்சிய நான்கு குழுக்களில் தெரிந்தவர் யாரும் இல்லை. இதைத் திட்டத்தின் ஓட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே தெரிந்தவரின் இடத்தை ஏணி அட்டைக்கும் எனக்கும் ஒதுக்கினேன். வாசிக்கத் தடுமாறிய மூவரையும் இந்தக் குழுக்களில் ஒவ்வொன்றில் ஒருவராக வைத்தேன். அவர்களுக்கு உரிய வேலை வேறு: மூத்தவர் சொன்னதைக் கொண்ட சீட்டில் கெணறு, எறைக்க, தண்ணி போன்ற சொற்களைக் கண்டுபிடித்துக் கிணறு, இறைக்க, தண்ணீர் என்று மாற்றி, குழுவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. அதற்கு வாசிப்பு தேவை, அதே சமயம் அவர்கள் கைக்கு எட்டும் அளவு. அதோடு மதியம் 15 நிமிடம் என்னோடு தனி வாசிப்பு.

ஏணி அட்டை என்பது அளக்கப் பயன்படுத்திய அதே ஐந்து படிகளைப் பிள்ளைகளின் சொற்களில் எழுதிய தடித்த அட்டை. இதற்கு இரண்டே விதிகள். பேனா, அந்தத் தொடரை இன்னும் எழுதத் தெரியாதவர் கையில் இருக்க வேண்டும். உதவுபவர் அட்டையில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும், எந்தப் படியில் விடை வந்தது என்று தொடரின் ஓரத்தில் எண் இட வேண்டும். விதி எளிது, கடைப்பிடிப்பது கடினம். ஒரு முழுப் பாடவேளையை உதவி செய்வது எப்படி என்று நடித்துக் காட்டுவதிலேயே செலவிட்டேன். நானே விடையைச் சொல்லிவிடும் அவசரக்காரியாகவும் பிறகு கேள்வி மட்டும் கேட்பவளாகவும் நடித்தேன். உதவி பெறுபவர் வெறும் விடையைப் பெற்றால் பெரிதாகப் பயனில்லை, விளக்கிச் சொல்பவருக்கோ விளக்குவதாலேயே பயன் உண்டு என்பது குழுக்கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த நோரின் வெப் காட்டியது. கெட்டிக்காரப் பிள்ளையின் பெற்றோர் “என் புள்ளை மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டே இருந்தா அவ எப்பப் படிக்கிறது?” என்று கேட்டால் சொல்லப் பயன்படும் செய்தியும் இதுவே. எனக்கு அந்தக் கேள்வி இரண்டு முறை வந்தது.

இந்த உதவி முறைக்குச் சாரம் கட்டுதல் என்ற உருவகத்தைத் தந்தவர் வைகாட்ஸ்கி அல்லர். அது 1976இல் வுட், ப்ரூனர், ராஸ் மூவரும் சிறு குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு அடுக்குவதைப் பார்த்து எழுதிய கட்டுரையில் வருவது. கட்டட வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த என் வகுப்பில் அந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. சாரத்தை எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டேன். “காங்கிரீட் போட்டு ஆறுன பொறவு, ஒரேயடியா இல்லீங்க, கொஞ்சங்கொஞ்சமா” என்றான் ஒருவன். மூன்று வாரத் திட்டத்தையே அவன் சொல்லிவிட்டான்: முதல் வாரம் ஐந்து படியும், இரண்டாம் வாரம் நான்காம் ஐந்தாம் படிகளை அட்டையிலிருந்து வெட்டி எடுத்துவிடுவது, மூன்றாம் வாரம் “நீயே வாசி” என்ற முதற்படி மட்டும்.

ஒரு பாடவேளை

40 நிமிடப் பாடவேளையில் 5 நிமிடம் சீட்டை வாசிக்க, 20 நிமிடம் குழுவாக மாற்றி எழுத, 10 நிமிடம் பக்கத்துக் குழுவோடு தாளை மாற்றிப் பார்க்க, கடைசி 5 நிமிடம் “தனி வரி”. தனி வரி என்பது கரும்பலகையில் நான் எழுதும் ஒரு புதிய பேச்சுத்தொடரை ஒவ்வொருவரும் யாரையும் பாராமல் மாற்றி எழுதிக் கொடுப்பது. குழுத்தாளை நான் திருத்தவே இல்லை. தனி வரிகளை மட்டும் பார்த்தேன். குழுவில் நடந்தது ஒருவரின் கைக்குள் இறங்கியதா என்பதை அந்த ஒரு வரிதான் காட்டும்.

இரண்டாம் நாள், தெரிந்தவர் இல்லாத ஒரு குழுவில் அமர்ந்திருந்தேன். மாணவி க அதில் இருந்தாள். ஒரு பாட்டனார் கவலை இறைத்ததைப் பற்றிச் சொன்னது அவர்களின் சீட்டு: “எங்கப்பாரு காலத்துல விடியக்காலம் கவலை பூட்டுவாங்க. மாடுக ரெண்டும் முன்னால எறங்குச்சுன்னா சாலு மேல வரும். பின்னால ஏறுச்சுன்னா சாலு கெணத்துக்குள்ள போவும்.” முதலில் சண்டை வந்தது கவலையைப் பற்றி. கவலை என்றால் துக்கம்தானே, இது பேச்சுவழக்கு, ஏற்றம் என்று மாற்ற வேண்டும் என்றாள் ஒருத்தி. ஏற்றம் வேறு, அதை மனிதர் மிதித்தோ இழுத்தோ இறைப்பது; கவலை மாடு கட்டி இறைப்பது; இரண்டும் எழுத்திலும் இருக்கும் சொற்கள்தாம் என்று மட்டும் சொன்னேன். இது ஏணிக்குள் அடங்காத உதவி, அதைக் கொடுக்காமல் இருப்பதில் பொருளில்லை.

பிறகு இயைபு. பேனா வைத்திருந்தவன் “இரண்டு மாடுகளும் முன்னால் இறங்கியது என்றால்” என்று எழுதினான். க அட்டையைப் பார்த்து, “படிச்சுப் பாரு” என்றாள். படித்தான். “செரியாத்தான இருக்குது.” “இந்த வரில ஒண்ணு மாறோணும்.” அவன் “முன்னால்” என்பதை “முன்னாடி” ஆக்கப் பார்த்தான். அவள் வினையின் மேல் விரலை வைத்து, “எறங்குனது ஒண்ணா, பலவா?” என்றாள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்த நேரம் அரை நிமிடம்கூட இராது, ஆனால் அந்தப் பாடவேளையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான். அவன் “இறங்கின… இறங்கினால்” என்று எழுதி, நிமிர்ந்து பார்த்தான். “இறங்கினால்” என்பது எச்சம். ஒருமையோ பன்மையோ அதற்கு இல்லை. எறங்குச்சுன்னா என்பதை எழுத்தில் கொண்டுவர அது மிகப் பொருத்தமான வடிவம். இயைபுக்குள் நுழையாமலே அவன் தொடரை நேர்செய்துவிட்டான்! என் சீட்டில் “-ச்சுன்னா” வரும் தொடர்களை விட்டிருந்தது என் கவனக்குறைவு. அளக்க நினைத்த செயலைத் தவிர்த்துவிட்டுச் செல்லும் வழி பணியில் இருந்தால், அளவை அங்கேயே கெட்டுவிடுகிறது. அடுத்த நாளிலிருந்து சீட்டுகளை நானே ஒருமுறை வாசித்து, இயைபைத் தவிர்க்க முடியாத முற்றுத்தொடர்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கொடுத்தேன்.

சேர்ந்து தவறியது

இரண்டாம் வாரத்தில் ஒரு குழுவின் மூன்று தனி வரிகளும் ஒரே தவறோடு வந்தன: “பிள்ளைகள் ஊருக்கு வந்தன.” அதில் இருவர் முதல் வாரத்தில் “வந்தார்கள்” என்று சரியாக எழுதிக்கொண்டிருந்தவர்கள். மூன்றாமவன் தனியாகத் தெரிந்த ஏழு பேரில் ஒருவன், வகுப்பில் குரல் ஓங்கியவன். பன்மை என்றால் ன வர வேண்டும் என்று அவன் விதியாகச் சொல்லியிருக்கிறான். விசாரித்தபோது ஆதாரமும் காட்டினான்: பாடநூலில் “மக்கள் திரண்டனர்” என்று இருக்கிறதே, அதிலும் ன இருக்கிறதே என்றான். திரண்டனர் என்பதில் பன்மையும் உயர்திணையும் ர் என்ற எழுத்தில் இருக்கின்றன என்பது அவன் கண்ணில் படவில்லை. தவறு அறிவுள்ள தவறுதான், அதனாலேயே மற்ற இருவரும் தங்கள் சரியான விடையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

ஜொனாதன் டட்ஜ் 1992இல் வெளியிட்ட ஆய்வில் துலாக்கோல் கணக்குகளை இணைந்து தீர்த்த பிள்ளைகளில் சிலர் முன்னேறுவதற்குப் பதில் பின்னடைந்ததைக் காட்டியிருக்கிறார். இணையில் யார் நம்பிக்கையோடு பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்வு ஏற்படுகிறது. அவர் சொல்வது சரியா என்பது வேறு விஷயம். தேர்ந்த சகமாணவர் என்ற சொற்றொடரில் “தேர்ந்த” என்பதைக் குரலை வைத்துத் தீர்மானித்தால் மண்டலம் கீழ்நோக்கியும் திறக்கும். இதைக் கண்டுகொள்ள எளிய அடையாளம் உண்டு. தனித்தனியே எழுதும்போது பிழைகள் பலவிதமாக இருக்கும். ஒரு குழுவின் பிழைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்தால், யாரோ ஒருவர் தவறாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

மாற்று ஏற்பாடாக, 10 நிமிடத் தாள் பரிமாற்றத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் உறையில் இட்ட ஒரு சரிபார்ப்புச் சீட்டைக் கொடுத்தேன். அதில் விடைகள் இல்லை. மாடு, மாடுகள், அம்மா, மாமா அவர்கள், பிள்ளைகள் என்ற ஐந்து எழுவாய்களும் அவற்றுக்குச் சரியான ஐந்து தொடர்களும் மட்டும் இருக்கும். தங்கள் தொடர் எந்தத் தொடரைப் போன்றது என்று ஒப்பிட்டுத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். குரல் ஓங்கியவனிடம் “பிள்ளைகள் வந்தன” என்பதை அவன் அம்மாவுக்கும் மாமாவுக்கும் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். “எங்க மாமா அவர்கள் வந்தன” என்று சொல்லிப் பார்த்துத் தானே தலையைச் சொறிந்தான். ஆனாலும் அவன் விதி முழுதாக அகலவில்லை, கடைசிச் சோதனையிலும் தலைகாட்டியது.

மூன்று வாரத்துக்குப் பின்

அட்டை இல்லாமல், குழு இல்லாமல், புதிய 8 தொடர்களை எல்லோரும் எழுதினார்கள். முதலில் தனியாகத் தெரிந்த 7 பேரில் 6 பேர் அந்நிலையில் நின்றார்கள். ஏழாமவன் மேலே சொன்னவன். இடைநிலையில் இருந்த 16 பேரில் 11 பேர் தனியாக எழுதும் நிலைக்கு வந்தார்கள். நான்காம் ஐந்தாம் படியில் இருந்த 8 பேரில் ஒருவர் தனியாக எழுதினார், ஐவருக்கு இப்போது இரண்டாம் மூன்றாம் படியே போதுமானதாக இருந்தது, இருவரிடம் மாற்றம் இல்லை. மாணவன் ச அந்த ஐவரில் ஒருவன். வாசிக்கத் தடுமாறிய மூவரில் ஒருத்தி தொடரைத் தானே வாசித்து நான்காம் படியில் பதில் சொன்னாள். முன்பு 7 பேர் செய்ததை இப்போது 18 பேர் தனியாகச் செய்தார்கள்.

இவ்வெண்களை வைத்து இம்முறை வெற்றி என்று சொல்லிவிட நான் தயங்குகிறேன். ஒப்பிட வேறொரு வகுப்பு இல்லை. மூன்று வாரம் ஒரே இலக்கணக் கூறை எந்த முறையில் நடத்தியிருந்தாலும் ஓரளவு முன்னேற்றம் வந்திருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. தெரிந்தவர் இருந்த ஏழு குழுக்களில் இடைநிலையினர் 10 பேர். அவர்களில் 6 பேர் முன்னேறினார்கள். தெரிந்தவர் இல்லாத நான்கு குழுக்களில் இடைநிலையினர் 6 பேர். அவர்களில் 5 பேர் முன்னேறினார்கள். ஓட்டை என்று நான் நினைத்த இடத்தில்தான் நல்ல பலன். அங்கே நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது காரணமாக இருக்கலாம். விடை சொல்ல யாரும் இல்லாததால் தாங்களே வாதிட்டு முடிவெடுக்க நேர்ந்தது காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்க என் ஏற்பாட்டில் வழியில்லை. அடுத்த முறை தெரிந்தவர் உள்ள குழுக்களில் பாதியளவு நேரமாவது உட்கார வேண்டும் என்று குறித்து வைத்தேன்.

கோட்பாட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. ஏதாவது ஒரு திறனை உதவியோடு கற்பிப்பதையெல்லாம் அண்மை வளர்ச்சி மண்டலம் என்று அழைப்பது வைகாட்ஸ்கியின் கருத்தைச் சுருக்கிவிடுகிறது, அவர் பேசியது முதிர்ந்துகொண்டிருக்கும் உளச்செயல்களைப் பற்றி என்று 2003இல் சேத் சைக்ளின் எழுதினார். இந்த விமர்சனம் என் ஆய்வுக்கும் பொருந்தும். இறங்கின என்று எழுதக் கற்றது திறன். தன் மொழியைத் தானே விலகி நின்று பார்க்கப் பழகியது வளர்ச்சி. முன்னதைத்தான் என் 8 தொடர்கள் அளந்தன. பின்னதற்கு என்னிடம் இருப்பது மாணவி க ஒரு தாளின் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு மட்டும்தான்: “பேசும்போது எண்ணுவதில்லை, எழுதும்போது எண்ண வேண்டும்.”

அடுத்த பாடத்துக்கு “-ன்னு” சொன்னாங்க என்பதை “என்று” கூறினார்கள் என்று மாற்றும் கூற்றுத்தொடரை எடுத்தேன். பழைய குழுக்களை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆசை இருந்தது. உட்காரும் இடம் பழகியிருந்தது, சத்தம் குறைந்திருந்தது. ஆனாலும் மறுபடி அளந்தேன், இம்முறை 6 தொடர்கள், ஆளுக்கு 4 நிமிடம். இயைபில் இடைநிலையில் இருந்த 16 பேரில் 9 பேர்தான் இதிலும் இடைநிலையில் வந்தார்கள். மாணவி க நான்காம் படிக்குப் போனாள். இயைபில் ஐந்தாம் படியிலிருந்து மாறாமல் நின்ற இருவரில் ஒருத்தி, இரவில் பாட்டி கதை சொல்லக் கேட்டு வளர்ந்தவள், ஆறு தொடர்களையும் உதவியின்றி எழுதினாள். இந்தச் சுற்றில் க அவளுடைய குழுவில் உட்கார்ந்தாள். பேனா க-வின் கையில் இருந்தது.